சண்டைக்கப்புறம் வீட்டம்மா பேசறதே இல்ல, சாரி சொல்லியும் சேலை எடுத்துக் குடுத்தும் ஒண்ணும் நடக்கல

பவானிக்கரை
எல்லாருக்கும் வணக்கமுங்க. கல்யாணமாகி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு பொண்ணு நாலாவது படிக்கறா. நான் ஈரோட்ல ஜவுளி மொத்த வியாபாரக் கடைல கணக்குப் பாக்கறேன், வீட்ல அவங்க பிரைவேட் ஸ்கூல் டீச்சர். பெரிய சண்டையெல்லாம் போட்டதில்லீங்க, போட்டாலும் ரெண்டு நாள்ல சரியாயிரும். இந்தவாட்டி மூணு வாரத்துக்கு மேல ஆயிருச்சு.

விசயம் என்னன்னா எங்கக்கா பொண்ணுக்கு தெரட்டி சீர் வந்துச்சு, தாய்மாமன் நான் ஒருத்தன்தான், கைல காசு இல்ல, சீர் செய்யாம போக முடியுமா சொல்லுங்க. அதனால பீரோல இருந்த அஞ்சு பவுன் செயினை பேங்க்ல வச்சு 1,80,000 வாங்குனேன். வீட்ல சொல்லல, சொன்னா ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும், மூணு மாசத்துல திருப்பிடலாம்னு நினைச்சேன். சீருக்குக் கிளம்பறப்ப செயினைத் தேடுனாங்க, அப்பதான் சொன்னேன். ஒண்ணும் பேசாம கவரிங் போட்டுட்டு வந்தாங்க. ராத்திரி வீட்டுக்கு வந்தப்புறம் சண்டை. நானும் கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டேன்.

அன்னைல இருந்து இப்படித்தான். சோறு ஆக்கறாங்க, டிபன் பாக்ஸ் கட்டித் தர்றாங்க, கேட்டா "ம்", "இருக்கு", "சரி" அவ்ளோதான். மெசேஜ் போட்டா ஓகேன்னு ஒரு வார்த்தை வருது. என்கிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் "அப்பாவ சாப்பிட வரச்சொல்லு"ன்னு பொண்ணு வழியா வருது. தூங்கறது பொண்ணு ரூம்ல. எங்கம்மாகிட்ட மட்டும் நல்லாத்தான் பேசறாங்க, சிரிக்கறாங்க. நான் சாரி சொல்லிட்டேன், நாலாயிரத்துல ஒரு சேலை எடுத்துக் குடுத்தேன், அது கவர் கூட பிரிக்காம பீரோ மேல இருக்கு. நான் இன்னும் என்னதான் பண்றது?

குமாரு 92
ப்ரோ டென்சன் ஆகாதீங்க. இதுக்குப் பேர் ஸ்டோன்வாலிங். அமெரிக்கால காட்மேன்னு ஒருத்தர் புருசன் பொண்டாட்டிகள ரூம்ல உக்கார வச்சு, சண்டை போடச் சொல்லி, ஹார்ட் பீட் எல்லாம் அளந்து பாத்திருக்காரு. பீட் நிமிசத்துக்கு 100க்கு மேல போயிருச்சுன்னா மனுசனுக்கு எதிராளி பேசறதே காதுல ஏறாது, அதான் கல்லு மாதிரி ஆயிடறாங்க. 20 நிமிசமாவது பிரேக் விட்டா தன்னால இறங்கிரும். அதனால அவங்களுக்கு ஸ்பேஸ் குடுங்க, நீங்களும் பேசாதீங்க, விட்டுப் பிடிங்க. தானா வருவாங்க.

பவானிக்கரை
ஸ்பேஸ் குடுத்துட்டேதானுங்க இருக்கேன், அது நாளுக்கு நாள் பெருசாயிட்டே போகுது.

பெரியசாமி
தம்பி, நாங்கெல்லாம் இதுக்கு மிசின் வச்சு அளந்ததில்ல. மாமனார் மாமியார வரச்சொல்லு, உங்கப்பா அம்மாவையும் உக்கார வை, பெரியவங்க நாலு வார்த்தை சொன்னா அந்தப் புள்ள கேக்கும். மூணு வாரம் ஒரு வீட்ல பேச்சில்லாம இருக்கறது குடும்பத்துக்கு ஆகாது. தாய்மாமன் சீர் செஞ்சது ஒரு குத்தமா? செய்யலேன்னாத்தான் ஊரு காறித் துப்பும்.

நித்திலா
சார் கோச்சுக்காதீங்க, உங்க மனைவி பண்றது மெண்டல் டார்ச்சர். நான் அனுபவிச்சுட்டு இருக்கேன் அதனால சொல்றேன். எங்க வீட்டுக்காரர் மாசக்கணக்குல பேச மாட்டார். நான் எங்கம்மா வீட்டுக்குப் போகணும்னு சொன்னா பேச மாட்டார், சம்பளத்த அவர் அக்கவுண்டுக்கு மாத்தலேன்னா பேச மாட்டார், நான் சரி நீங்க சொல்றபடியே செய்றேன்னு சொன்ன அடுத்த நிமிசம் ஒண்ணுமே நடக்காத மாதிரி காபி கேப்பார். பேசாம இருக்கறதும் அடிக்கறதும் ஒண்ணுதான். நீங்க இதுக்குப் பழகிடாதீங்க.

வைகைக்கரை அக்கா
நான் குடும்பநல கோர்ட்ல பல வருசம் கவுன்சிலிங் பண்ணிட்டு இப்ப ரிட்டயர்ட் ஆனவ. பவானித் தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி. சீர் நடந்த எடத்துல என்ன ஆச்சு? அதப் பத்தி ஒரு வரி கூட எழுதலையே. ராத்திரி பேசுன "ரெண்டு வார்த்தை" என்ன, அப்படியே எழுதுங்க, அழகுபடுத்த வேணாம். சாரி சொன்னீங்களே, அதையும் எந்த வார்த்தைல சொன்னீங்களோ அதே வார்த்தைல சொல்லுங்க.

நித்திலாம்மா, உங்க விசயம் வேற, இவர் விசயம் வேற. ராத்திரிக்கு தனியா எழுதறேன், கண்டிப்பா.

பவானிக்கரை
சீர்ல பெருசா ஒண்ணும் நடக்கலீங்கக்கா. எங்கக்கா மாமியார் எல்லார் முன்னாடியும் "என்னம்மா கவரிங் போட்டுட்டு வந்துருக்க, செயின் எங்க"ன்னு கேட்டாங்க. அவங்க என்னைப் பாத்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, அடகு வச்சுத்தான் சீர் செஞ்சேன்னு அங்க எப்படீங்க சொல்றது? "அவ எத ஒழுங்கா வச்சா, எங்கயாவது போட்டுட்டு தேடிட்டு இருப்பா"ன்னு சிரிச்சுட்டே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, அதோட போச்சு.

ராத்திரி, "எங்கக்காவுக்கு செய்யறதுக்கு உன்னக் கேட்டுட்டுத்தான் செய்யணுமா, உங்கப்பன் போட்ட அஞ்சு பவுனுக்கு இவ்ளோ பேச்சா"ன்னு கேட்டேன்.

சாரி வந்து, ரெண்டு நாள் கழிச்சு, "சரி விடு, சாரி, ஆனா நீயும் புரிஞ்சுக்கோணும், நான் எனக்கா செலவு பண்ணேன், மூணு மாசத்துல திருப்பிடறேன்"னு சொன்னேன்.

ஜெயந்தி ராம்
அய்யோ. அந்த எடத்துல நான் இருந்திருந்தா சீர்த்தட்டையே தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேன்.

குமாரு 92
ப்ரோ... சரி, 20 நிமிசம் பத்தாது போல.

வைகைக்கரை அக்கா
குமாரு, நீங்க சொன்னது தப்பில்ல, ஆனா அது சண்டை நடந்துட்டு இருக்கற நேரத்துக்கான மருந்து. நெஞ்சு படபடன்னு அடிச்சு வாய் அடைச்சுப் போறது மணிக்கணக்குல தீந்துரும், அடுத்த நாள் மனுசன் பழையபடி ஆயிருவான். காட்மேன் பாத்ததுல அப்படி அடைச்சுப் போறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான். இங்க அந்தப் பொண்ணு படபடப்பா இல்ல, ரொம்ப நிதானமா இருக்கு. மாமியார்ட்ட சிரிச்சுப் பேசுது, ஸ்கூலுக்குப் போகுது, சமைக்குது. வீட்டு மேல கோவம் இல்ல, கல்யாணத்து மேல கூட இன்னும் இல்லேன்னு நினைக்கறேன். உங்ககிட்ட மட்டும் கடைய மூடிருச்சு.

தம்பி, இந்த சண்டை செயினுக்காகன்னு நீங்க நினைக்கறதாலதான் சேலை எடுத்துக் குடுத்தீங்க. செயினைக் காணோம்னு தெரிஞ்சப்பவே அது சண்டை போட்டிருக்கலாம், போடல. கவரிங் போட்டுட்டு உங்க மானத்தக் காப்பாத்தத்தான் கிளம்பி வந்துச்சு. அங்க ஒருத்தர் கேட்டப்பவும் அதுவா வாயத் திறக்கல, உங்களைப் பாத்துச்சு. அந்தப் பார்வைக்கு "நீயே ஏதாவது சொல்லிச் சமாளி, நான் ஒத்துப் போறேன்"னுதான் அர்த்தம். நீங்க அதை வச்சே சமாளிச்சீங்க. பொருளை எடுத்தது நீங்க, பொருளோட அருமை தெரியாதவங்கற பேர் அதுக்கு. இப்ப உங்க அக்கா வீட்டு சொந்தம் முழுக்க, அஞ்சு பவுனைத் தொலைச்ச பொம்பளன்னு பேசிட்டு இருப்பாங்க. அந்தப் பொய்ய அவங்களுக்கு முன்னாடி மறுக்கவும் அதால முடியாது, மறுத்தா புருசனக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். ரெண்டு பக்கமும் பூட்டு. பேசாம இருக்கறத விட்டா அதுக்கு வேற என்ன வழி இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு கேக்கறேன், பயமுறுத்தறதா நினைக்காதீங்க. இந்த மூணு வாரத்துல உங்ககிட்ட காசு, உதவி, கடைக்குப் போயிட்டு வாங்க, இந்த மாதிரி ஏதாவது கேட்டுச்சா?

பவானிக்கரை
நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சேன். இல்லீங்கக்கா. ஸ்கூல் வேன் பீஸ் எப்பவும் என்கிட்டத்தான் வாங்குவாங்க, இந்த மாசம் அவங்க சம்பளத்துலயே கட்டிருக்காங்க. கேஸ் புக் பண்ணதும் அவங்கதான். நான் கோவம் தணிஞ்சுருச்சு போலன்னு நினைச்சேன்.

வைகைக்கரை அக்கா
அதுதான் எனக்குக் கவலை. கத்தற பொண்டாட்டி இன்னும் உங்ககிட்ட எதையோ எதிர்பாக்கறான்னு அர்த்தம். கோர்ட்டுக்கு வர்ற கேஸ்கள்ல "ரெண்டு வருசமா எங்களுக்குள்ள சண்டையே இல்லீங்க மேடம்"னு புருசன் பெருமையா சொல்லுவாரு, அந்தம்மா பக்கத்துல உக்காந்து சுவத்தப் பாத்துட்டு இருக்கும். அந்த ரெண்டு வருசத்துல அது தனியா வாழக் கத்துக்கிட்டிருக்கும். நீங்க இன்னும் அங்க போகல, மூணு வாரம்தான். ஆனா "விட்டுப் பிடி"ன்னு உக்காந்திருந்தா அந்தப் பக்கம்தான் போகும்.

இப்ப உங்க சாரியப் பாருங்க. 2016ல ஓஹியோ ஸ்டேட் யூனிவர்சிட்டில ராய் லெவிக்கின்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் மன்னிப்பை ஆறு துண்டாப் பிரிச்சு, எது கேக்கறவங்க மனசுல ஏறுதுன்னு பாத்தாங்க. முதல்ல வந்தது "தப்பு என்னோடதுதான்"னு ஒத்துக்கறது. அடுத்து, அதைச் சரி பண்ண என்ன செய்யப் போறேன்னு சொல்றது. "மன்னிச்சிரு"ன்னு கேக்கறது ஆறுலயும் கடைசி. அவங்க கேட்டது வேலை, ஆபீஸ் சம்பந்தமான விசயங்கள வச்சுத்தான், ஆனா குடும்பத்துலயும் நான் பாத்தது அதேதான். உங்க சாரில "சரி விடு" இருக்கு, "ஆனா" இருக்கு, "நீயும் புரிஞ்சுக்கோணும்" இருக்கு. தப்பு எதுன்னு ஒரு இடத்துல கூட இல்ல. சீர்ல பேசுனதப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

என்ன செய்யலாம்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாதிரி ஒரு நேரம் பாருங்க. பொண்ணு பக்கத்து வீட்டுக்கோ டியூசனுக்கோ போயிருக்கணும், உங்கம்மா தூங்கிட்டு இருக்கணும், ராத்திரி படுக்கப் போற நேரம் வேண்டவே வேண்டாம். முன்னாடியே "இன்னைக்கு மத்தியானம் அரை மணி நேரம் பேசணும், நீ ஒண்ணும் பதில் சொல்ல வேண்டியதில்ல"ன்னு சொல்லிருங்க. முகத்துக்கு நேரா உக்கார வேண்டாம், துணி மடிச்சுட்டு இருந்தா நீங்களும் கூட மடிங்க. அப்புறம் சுருக்கமா, "உன் செயினை உன்னைக் கேக்காம எடுத்தேன். நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சேதான் கேக்கல. அதவிடப் பெரிய தப்பு, அத்தனை பேர் முன்னாடி நீ தொலைச்ச மாதிரி பொய் சொன்னேன். நீ என்னைக் காப்பாத்துன, நான் உன்ன விட்டுக் குடுத்துட்டேன். ராத்திரி உங்கப்பாவப் பேசுனது அதுக்கும் மேல." இவ்ளோதான். உங்க வார்த்தைல சொல்லுங்க, இத மனப்பாடம் பண்ணிப் போனா கண்டுபிடிச்சிருவாங்க. ஆனாங்கற வார்த்தை வந்தா அங்கயே நிறுத்திருங்க. கடைசில "மன்னிச்சிட்டியா"ன்னு கேக்காதீங்க, கேட்டா உங்க நிம்மதிக்கு அதுகிட்டயே வேலை வாங்கற மாதிரி ஆயிரும்.

அப்புறம் அக்காவுக்குப் போன் பண்ணி உண்மையச் சொல்லணும். காயம் நாலு பேர் முன்னாடி பட்டது, பெட்ரூம்ல சாரி சொன்னா அது ஆறாது.

ரெண்டு எச்சரிக்கை. நீங்க பேசுனதும் அது கத்தலாம், பிரசவ நேரத்துல நீங்க வராதது, ஆறு வருசம் முன்னாடி உங்கம்மா சொன்னது, எல்லாம் வரும். அது நல்லதுக்குத்தான், அதுல எது சரி எது பொய்னு தீர்ப்பு சொல்ல உக்காராதீங்க. உங்களுக்கு நெஞ்சு படபடன்னு வந்தா, இங்கதான் குமாரு சொன்ன 20 நிமிசம். "எனக்குத் தலை சூடாகுது, அரை மணி நேரத்துல வரேன்"னு சொல்லிட்டுப் போங்க, சொன்ன மாதிரி திரும்பி வாங்க. வராம டீக்கடைக்குப் போயிட்டா முன்னைய விட மோசம். அடுத்தது பொண்ணு. அது தூது போறது இன்னைல இருந்து நிக்கணும். "அம்மாட்ட நானே கேட்டுக்கறேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் நேரா கேளுங்க, பதில் "ம்"னு வந்தாலும் பரவால்ல. அம்மாவத் திட்டிராதீங்க அதுக்காக.

பெரியசாமி
வைகை அக்கா, தம்பியோட அக்காவுக்குப் போன் பண்ணச் சொல்றது எனக்குச் சரியாப் படல. கட்டிக் குடுத்த பொண்ணு, சம்பந்தி வீட்ல "உன் தம்பி அடகு வச்சுத்தான் சீர் செஞ்சானா"ன்னு ஆயிரும். பொண்டாட்டிய சமாதானம் பண்ண அக்கா மானத்த விக்கறதா?

வைகைக்கரை அக்கா
பெரியசாமி அண்ணே, சம்பந்தி வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டச் சொல்லல. "செயின் தொலையல, நான்தான் எடுத்தேன், அவமேல தப்பில்ல"ன்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை. எதுக்கு எடுத்தேன்னு விளக்கணும்னு கூட இல்ல. பெரியவங்கள உக்கார வைக்கறதும் எனக்குப் பயமா இருக்கு, ஏற்கனவே கூட்டத்துல பட்ட அவமானம், இன்னொரு கூட்டம் போட்டு "சரி விடும்மா"ன்னு சொன்னா அது தலையாட்டும், உள்ள இன்னும் ஒரு பூட்டு விழும்.

பெரியசாமி
நீங்க சொல்றீங்க. எங்க காலத்துல பேசித்தான் தீத்தோம்.

சேலம் வக்கீல்
ஒரு சின்ன விசயம் சேத்துக்கறேன். கல்யாணத்துல பொண்ணு வீட்ல போட்ட நகை சட்டப்படி அவங்க சொத்து, ஸ்ரீதனம். 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேரளா கேஸ்ல இதை மறுபடி சொல்லிருச்சு. கஷ்ட நேரத்துல புருசன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனா திருப்பிக் குடுக்கற கடமை அவருக்கு இருக்குன்னு. அந்த கேஸ்ல 25 லட்சம் குடுக்கச் சொன்னாங்க. பயமுறுத்த சொல்லல, "உங்கப்பன் போட்ட நகை"ங்கறதுக்கு சட்டத்துல அர்த்தம் "உன்னோட நகை"ன்னுதான்.

தராசு
நான் பேங்க்ல நகை மதிப்பீட்டாளர். அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனா ஒரு விசயம் யாரும் பேசல. லோன் யார் பேர்ல இருக்கோ அவங்க கைலதான் பேங்க் நகையத் திருப்பித் தரும். இப்ப அந்தம்மாவே சம்பளத்துல சேத்து, அவங்கப்பாட்ட வாங்கிட்டு வந்து பணம் கட்டுனாலும், நகை பவானி சார் கைக்குத்தான் வரும். தன்னோட பொருளைத் தானே மீட்க வழியில்ல. டீச்சரா இருக்கறவங்களுக்கு இது தெரியாம இருக்காது. அதனால முதல்ல எங்கயாவது புரட்டி மீட்டுக் கைல குடுங்க, அப்புறம் பேச்சு. வெறுங்கையோட மன்னிப்பு கேட்டா யார் நம்புவா?

வைகைக்கரை அக்கா
தராசு, அந்த லோன் விசயம் நல்ல பாயிண்ட், எனக்குத் தோணல. ஆனா முதல்ல மீட்டுட்டு அப்புறம் பேசறதுங்கறதுல எனக்கு உடன்பாடில்ல. கைமாத்து வாங்கி மீட்டா அது இன்னொரு சொல்லாத கடன். அது தெரியவர்ற அன்னைக்கு என்ன ஆகும்? அடகுச்சீட்ட எடுத்து அதுகிட்ட குடுங்க தம்பி, மாசம் எவ்ளோ கட்ட முடியும்னு உண்மையான கணக்கைச் சொல்லுங்க, மீட்கற அன்னைக்கு பேங்க்குக்குக் கூடவே கூட்டிட்டுப் போங்க. மூணு மாசம்னு வாய்ல சொன்னது எத வச்சு சொன்னீங்க?

பவானிக்கரை
தீபாவளி போனஸ் வரும்னு நினைச்சு சொன்னேங்கக்கா. கணக்குப் போட்டுப் பாத்தா ஆறேழு மாசம் ஆகும்.

தராசு
இல்லேன்னா ஒரே நாள்ல க்ளோஸ் பண்ணி அவங்க பேர்லயே திருப்பி வச்சிரலாம், பணம் நீங்க கட்டுங்க, நகை அவங்க கைக்கு வரும். நெறைய பேர் பண்றதுதான்.

ஜெயந்தி ராம்
அப்ப கடனும் அவங்க பேர்லயா? சூப்பர். இவர் கட்டலேன்னா நோட்டீஸ் அவங்களுக்கு வரும்.

தராசு
கேட்டுட்டு செய்யச் சொல்றேன் மேடம், கேக்காம இல்ல.

வைகைக்கரை அக்கா
நித்திலாம்மா, சொன்ன மாதிரி உங்களுக்கு. பேசாம இருக்கறது எல்லாம் ஒண்ணு இல்ல. எதக் குடுத்தா அந்தப் பேச்சு திரும்ப வருதுன்னு பாருங்க. பவானித் தம்பி வீட்ல அந்தப் பொண்ணு எதையும் கேக்கல, எதையும் நிறுத்தல, விலகி நிக்குது. உங்க வீட்ல சம்பளத்த மாத்திக் குடுத்தா, அம்மா வீட்டுக்குப் போகலேன்னா பேச்சு வருது. அப்ப அது கோவம் இல்ல, உங்களைப் பழக்கற முறை. இதுல நீங்க எவ்ளோ அழகா மன்னிப்பு கேட்டாலும் சரியாகாது, கேக்கக் கேக்க விலை ஏறும். நான் மேல எழுதுன எதையும் உங்க வீட்ல செஞ்சு பாக்காதீங்க. சம்பளக் கணக்கு உங்க பேர்லயே இருக்கட்டும், எழுதிக் குடுத்துராதீங்க. அம்மா வீட்டுப் போக்குவரத்த விட்றாதீங்க. 2005ம் வருசத்து குடும்ப வன்முறை சட்டத்துல அடி உதை மட்டும் இல்ல, மனசளவுல கொடுமை பண்றது, பணத்த முடக்கறது எல்லாம் வரும். உங்க மாவட்ட சமூகநல ஆபீஸ்ல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க. 181க்குப் போன் பண்ணலாம், உடனே கேஸ் ஆயிரும்னு பயப்பட வேண்டாம், பேசிட்டு முடிவெடுக்கலாம். அவர் போனைப் பாக்கறவரா இருந்தா வேற போன்ல இருந்து பண்ணுங்க.

நித்திலா
போனைப் பாப்பார் மேடம். ஸ்கூல் போன்ல இருந்து பண்றேன். சார், உங்க மனைவியப் பத்தி நான் சொன்னத விட்ருங்க.

பவானிக்கரை
எல்லாருக்கும் ஒரு அப்டேட்டுங்க. ஞாயித்துக்கிழமை பேசுனேன். அக்கா சொன்ன மாதிரி "ஆனா" போடாமப் பேசறது இருக்கே, நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு வந்துட்டுப் போச்சு. அடகுச்சீட்டையும் குடுத்தேன். கடைசி வரைக்கும் கேட்டாங்க, துணி மடிக்கறத நிறுத்தல. முடிச்சதும் ஒரே கேள்வி, "உங்கக்காட்ட சொல்லிட்டீங்களா?" இன்னும் இல்லேன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலமே அக்காவுக்குப் போன் பண்ணேன். அவகிட்ட எனக்கு விழுந்த திட்டு இருக்கே, "பொண்டாட்டி நகைய அடகு வச்சு எனக்கு சீர் செய்யச் சொன்னேனா, சொல்லியிருந்தா ஒரு தோட்டோட முடிச்சிருப்பேன்ல"ன்னு. இப்ப எங்கம்மா என்கூடப் பேசறதில்ல, அக்காகிட்ட எதுக்கு சொன்னேன்னு. பெரியசாமி அண்ணன் சொன்னதும் கொஞ்சம் நடந்துருச்சுங்க.

ராத்திரி அவங்க கத்துனாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல. நான் நினைச்சே பாக்காத விசயமெல்லாம், எங்க கல்யாணத்துல அவங்க சித்தப்பாவுக்கு பந்தில எடம் குடுக்காதது வரைக்கும் வந்துச்சு. ஒரு தடவ எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போனேன், சொல்லிட்டுத்தான் போனேன், திரும்பி வந்தேன். வந்ததும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சாங்க.

இன்னும் பொண்ணு ரூம்லதான் தூங்கறாங்க. ஆனா நேத்து வேன் பீஸுக்குப் பாதி குடுங்கன்னு நேரா கேட்டாங்க. இப்ப ரூமுக்கு வரச் சொல்லிக் கேக்கலாமுங்களா?

ஜெயந்தி ராம்
கேக்காதீங்க சார், இப்பத்தான் வேன் பீஸுக்கே வந்திருக்காங்க.

வைகைக்கரை அக்கா
கேக்க வேணாம் தம்பி. வேன் பீஸ் கேட்டதே பெரிய விசயம், பாதி இல்ல, இந்த மாசத்தோடது முழுசாவும் குடுங்க, போன மாசம் அது கட்டுனதும் நீங்க தர வேண்டியதுதான். முதல் தவணை கட்டுனதும் ரசீத அதுகிட்ட குடுங்க. ரூம் விசயம் அது முடிவு பண்ணட்டும், வாரக்கணக்குல ஆகலாம், சில வீட்ல மாசமும் ஆயிருக்கு. நடுவுல ஒரு நாள் பழையபடி "ம்" மட்டும் வரும், அதப் பாத்துட்டு "இவ்ளோ செஞ்சும் இப்படியா"ன்னு கேட்டுராதீங்க. அம்மாவோட கோவத்த நீங்கதான் பாத்துக்கணும், அதையும் அந்தப் பொண்ணு தலைல கட்டாதீங்க.

பெரியசாமி
அம்மாவுக்கு நான் சொல்றதுதான் மருந்து, அவங்கள அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வை.

பவானிக்கரை
அக்கா வர வேணாம்னு சொல்லிட்டாளுங்க அண்ணே.

தராசு
சார் தவணை கட்டறப்ப வட்டிக்கு மட்டும் போகுதா அசல்லயும் கழியுதான்னு கவுண்டர்ல கேட்டு ரசீதுல பாத்துக்கோங்க. சில லோன்ல கடைசில ஒண்ணாக் கட்டற மாதிரி இருக்கும், உங்களுது எதுன்னு அந்த சீட்டுலயே இருக்கும்.

பவானிக்கரை
சீட்டு அவங்க கைல இருக்குங்க. கேட்டு வாங்கிப் பாத்துட்டு சொல்றேன்.